சாம்பார் பொடியின் அளவு யாருக்குத் தெரியலாம்? ஜாப் ஒர்க் கொடுப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

பெங்களூரில் வீட்டுச் சமையலறையில் தொடங்கிய பொடி வியாபாரம் கொஞ்சம் வளர்ந்ததும், அரைக்கிற வேலையை வெளியே கொடுத்தே தீர வேண்டும் என்ற நிலை வரும். பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ ஒரு அரைவை யூனிட்டைப் பிடிப்போம். முதல் போனிலேயே யூனிட்காரர் கேட்பது இதுதான்: “ரெசிபி அனுப்புங்க சார், கிலோவுக்கு ரேட் போட்டுச் சொல்றேன்.” பலர் அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் முழு அளவையும் அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். மசாலாப் பொடியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஊறுகாய், இட்லி மாவு, சோப்பு என்று கலவை விற்கிற யாரும் தங்கள் பொருளுக்கு மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்

சாம்பார் பொடிக்கு பேட்டன்ட் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொருட்களை வெறுமனே கலந்து வைத்ததற்கும், பாரம்பரிய அறிவுக்கும் பேட்டன்ட் கிடையாது என்று பேட்டன்ட் சட்டத்தின் 3-ஆவது பிரிவு சொல்கிறது. தப்பித் தவறிக் கிடைத்தாலும் உங்கள் அளவு ஊருக்கே பிரசுரமாகும், 20 வருஷத்தில் உரிமையும் முடிந்துவிடும்.

வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-ஆவது அறிக்கையில் ஒரு வரைவு மசோதாவோடு பரிந்துரை செய்தது. ஆனால் பரிந்துரையைக் காட்டி வழக்குப் போட முடியாது. நம் கையில் இருப்பவை இரண்டு. ஒன்று, எழுதி வாங்கிய ஒப்பந்தம். இன்னொன்று, நம்பிச் சொன்னதை நம்பிக்கை மீறிப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் நெறி.

இந்த இரண்டாவதற்கு எல்லோரும் காட்டும் தீர்ப்பு, டெல்லி உயர் நீதிமன்றம் 1987-இல் கொடுத்த ஜான் ரிச்சர்ட் பிரேடி வழக்கு. அதில் சண்டை ஒரு சப்ளையரோடுதான். கால்நடைத் தீவனம் வளர்க்கும் இயந்திரம் ஒன்றை பிரேடி உருவாக்கியிருந்தார். அதற்கு வேண்டிய வெப்பத் தடுப்புப் பலகைகளை வாங்குவதற்காக ஒரு நிறுவனத்திடம் பேசி, வரைபடங்களையும் நுணுக்கங்களையும் காட்டினார். ஆர்டர் கைகூடவில்லை. பிறகு அந்த நிறுவனமே அதே மாதிரி இயந்திரம் செய்ய ஆரம்பித்தது. நம்பிக்கையில் கொடுத்த தகவலைப் பயன்படுத்தியதாகச் சொல்லி நீதிமன்றம் தடை விதித்தது. நமக்கு இதில் முக்கியமானது, ரகசியம் எந்தக் கட்டத்தில் வெளியே போனது என்பது. பேரம் பேசுகிற நேரத்திலேயே, ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே போய்விட்டது. பொடி வியாபாரத்திலும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் போகிறது.

சட்டம் தடுக்காத ஒன்றும் உண்டு. கடையில் உங்கள் பாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கி, ருசி பார்த்து, லேபில் கொடுத்து, ஒருவர் சொந்தமாகக் கண்டுபிடித்தால் அது குற்றமில்லை. அதனால் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் பாக்கெட்டே எதையெல்லாம் சொல்லிவிடுகிறது என்பதைத்தான்.

படி 1: எது நிஜமாகவே ரகசியம் என்று பிரித்தெடுங்கள்

லேபிளில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ விதி. மசாலாச் சாமான்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் ‘மசாலாப் பொருட்கள்’ என்ற பொதுப்பெயரில் சேர்த்துப் போட இடம் இருக்கிறது. பருப்புகளுக்கு அந்தச் சலுகை இல்லை, பெயர் சொல்லியாக வேண்டும். சதவீதம் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் பாக்கெட்டின் முன்பக்கம் ஒரு சேர்மானத்தைத் தூக்கிப் பிடித்து ‘பெருங்காயம் நிறைந்தது’ என்று போட்டால், அது எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டி வரும். ரகசியத்தை விளம்பரமே விற்றுவிடுகிற இடம் அது.

ஆகவே என்னென்ன சாமான் இருக்கிறது என்பது பெரிய ரகசியமில்லை. சாம்பார் பொடியில் மல்லியும் மிளகாயும் இருப்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். பாக்கெட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதவைதான் உங்கள் சொத்து: சின்ன அளவில் சேரும் சாமான்களின் விகிதம், எதை எந்தப் பதம் வரை வறுக்கிறீர்கள், எதை வறுக்காமல் சேர்க்கிறீர்கள், எந்த ஊர் மிளகாயை எதோடு எந்த விகிதத்தில் கலக்கிறீர்கள், எந்தச் சல்லடையில் சலிக்கிறீர்கள். கைப்பக்குவம் என்று பாட்டி சொன்னது இதைத்தான். அதை எண்ணாகவும் நிமிஷமாகவும் எழுதி வைத்தால்தான் நீதிமன்றத்தில் ரகசியம் என்று காட்ட முடியும். ‘எங்கள் ருசி தனி’ என்று சொன்னால் எந்த நீதிபதியும் தடை கொடுக்க மாட்டார்.

எழுதி, தேதி போட்டு, பதிப்பு எண் கொடுத்து, உறையில் போட்டு ஒட்டி வையுங்கள். மாற்றம் செய்யும்போதெல்லாம் புது எண், புது உறை. யாருக்கு எந்தப் பகுதி எப்போது தெரிவிக்கப்பட்டது என்று ஒரு நோட்டும் வேண்டும். பம்பாய் டையிங் வழக்கில் 2010-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரகசியத்தை எடை போடச் சில அளவுகோல்களைச் சொன்னது. வெளியே எவ்வளவு பேருக்குத் தெரியும், உள்ளே எவ்வளவு பேருக்குத் தெரியும், காப்பாற்ற என்ன முன்னெச்சரிக்கை எடுத்தீர்கள் என்பவை அதில் முக்கியம். நாளைக்கு உங்களுக்காகப் பதில் சொல்லப்போவது இந்த நோட்டுதான்.

படி 2: ஒரே கையில் முழுதும் சேராதபடி வேலையைப் பிரியுங்கள்

என்னைக் கேட்டால் ஒப்பந்தத்தைவிட இதுதான் பெரிய காவல். கையெழுத்து வாங்கியவரிடம் பிறகு சண்டை போடலாம். தெரியாதவரிடம் சண்டையே தேவையில்லை.

அல்சூரில் இருக்கும் ஒரு சின்னப் பொடி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களின் 100 கிலோ கணக்கு இப்படி இருக்கிறது (உதாரணத்துக்காகப் போட்ட அளவு, சமைத்துப் பார்த்து என்னைத் திட்டாதீர்கள்): மல்லி 42, மிளகாய் 26, துவரம்பருப்பு 9, கடலைப்பருப்பு 8, சீரகம் 4, மிளகு 3, வெந்தயம் 3, மஞ்சள் 3, பெருங்காயம் 1, கறிவேப்பிலை 1.

முதல் நான்கும் சேர்ந்து 85 கிலோ. எடையும் உழைப்பும் அதில்தான். மீதி ஆறும் 15 கிலோ. மணமும் தனித்தன்மையும் பெரும்பாலும் அதில்தான். 85-ஐ யூனிட் வறுத்து அரைக்கட்டும். 15-ஐ அல்சூரில் உங்கள் இடத்திலேயே வறுத்து, அரைத்து, 3 கிலோ பைகளாகக் கட்டுங்கள். யூனிட்டுக்குப் போகும் உத்தரவு ஒரே வரி: ‘17 கிலோ அடிப்பொடிக்கு ஒரு பை கலக்கவும்.’ ஒரு கலவை 20 கிலோ. மாதம் 300 கிலோ என்றால் 15 கலவை, 15 பை, உங்கள் இடத்தில் அரைக்க வேண்டியது மொத்தம் 45 கிலோ. சின்ன மெஷினிலேயே இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலை. அந்த இடத்துக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் தனியாக வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

மிளகாயிலும் ஒரு பூட்டுப் போடலாம். நிறத்துக்கு பேடகி, காரத்துக்கு குண்டூர் என்று இரண்டையும் நீங்களே வாங்கி, கலந்த பிறகே யூனிட்டுக்கு அனுப்புங்கள். கலந்த மூட்டையைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம், சரியான விகிதம் கிடைக்காது.

ஆனால் எல்லாவற்றையும் மறைத்துவிட முடியாது. பைக்குள் என்னென்ன சாமான் என்பது யூனிட்டுக்குத் தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தால் பதில் சொல்வது அவர். முக்கியமாக, கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். குளூட்டன் ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சாமான்களின் பெயரைச் சொல்லுங்கள், விகிதத்தைச் சொல்லாதீர்கள். அதிகாரி நேரடியாகக் கேட்டால் நீங்களே அவருக்குக் காட்டுவதாக யூனிட்டோடு பேசி வையுங்கள்.

படி 3: பில்லும் சலானும் பேசுவதைக் கவனியுங்கள்

இதை யோசிப்பவர்கள் குறைவு. நியூ தரகுப்பேட்டையில் ஒரே மண்டிக்காரரிடம் பத்துச் சாமானையும் மாதாமாதம் வாங்கினால், ஆறு மாதப் பில்லைக் கூட்டி வகுத்தாலே உங்கள் விகிதம் வந்துவிடும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவர் கடைக் கணக்கர் நாளை இன்னொரு பொடிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனால் போதும். சின்ன அளவுச் சாமான்களை இரண்டு மூன்று கடைகளில் பிரித்து வாங்குங்கள். வெந்தயம், மிளகு போன்றவற்றை ஒரு தடவைக்கு நான்கு மாதச் சரக்காக, மாதக் கணக்கோடு பொருந்தாத அளவில் வாங்கி வையுங்கள்.

அடுத்தது சலான். ஜிஎஸ்டியில் ஜாப் ஒர்க்குக்குச் சரக்கு அனுப்பும்போது டெலிவரி சலானில் பொருளும் அளவும் எழுத வேண்டும். பத்துச் சாமானையும் ஒரு கலவைக்கு வேண்டிய அளவில் எடை போட்டு அனுப்பினால், உங்கள் ரெசிபி ஜிஎஸ்டி முத்திரையோடு யூனிட்காரர் பைலில் உட்கார்ந்துவிடும். மேலே சொன்னபடி பிரித்தால் சலானில் மல்லி, மிளகாய், பருப்பு, ‘கலந்த மசாலாப் பொடி 45 கிலோ’ என்றுதான் வரும். அது உண்மையும்கூட. ரகசியத்துக்காகச் சலானில் பொய் எழுதாதீர்கள். வழியில் வண்டி பிடிபட்டால் அபராதம் கட்ட வேண்டி வரும். பிறகு வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுப்பார்.

படி 4: ரேட் கேட்கும் கட்டத்திலேயே கையெழுத்து

ரேட் போட யூனிட்டுக்கு ரெசிபி தேவையில்லை. எத்தனை கிலோ வறுக்க வேண்டும், எத்தனை கிலோ அரைக்க வேண்டும், எந்தச் சல்லடை, எந்த பேக்கிங் என்று சொன்னால் போதும். சாம்பிள் ஓட்டும் நாளில் பையை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள், மிச்சத்தைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

அதற்கு முன்னாலேயே ஒன்றிரண்டு பக்கத்தில் ரகசியக் காப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும். ஸ்டாம்ப் பேப்பரில் போடுங்கள். உரிய முத்திரைத் தீர்வை கட்டாத பத்திரத்தை, தீர்வையும் அபராதமும் கட்டும்வரை நீதிமன்றம் சாட்சியமாக எடுக்காது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் நான்கு இடங்களில் சறுக்கும்.

முதலாவது, ரகசியத்தின் வரையறை. ‘எல்லாத் தகவலும் ரகசியம்’ என்று எழுதினால் எதுவுமே ரகசியமில்லை என்று வாதாட இடம் கொடுக்கும். அதற்குப் பயந்து ரெசிபியையே பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது அதைவிட மோசம். ‘பதிப்பு எண் 4, இன்ன தேதியிட்ட, ஒட்டப்பட்ட உறையில் உள்ள அளவுகளும் வறுவல் முறையும், குறியீடு போட்ட பைகளின் உள்ளடக்க விகிதம்’ என்று உறையைச் சுட்டி எழுதுங்கள்.

இரண்டாவது, காலம். பல மாதிரிகளில் ரகசியக் காப்பு ஒப்பந்தம் முடிந்து இரண்டு அல்லது மூன்று வருஷம் வரை என்று இருக்கும். அப்படிக் கையெழுத்துப் போட்டால் நான்காவது வருஷம் அவர் தாராளமாக உங்கள் பொடியைச் செய்யலாம். விலை, ஆர்டர் விவரங்களுக்கு மூன்று வருஷம் சரி. ரெசிபிக்கு மட்டும் ‘பொதுவில் தெரியாமல் இருக்கும் காலம் முழுவதும்’ என்று தனியாகப் போடுங்கள்.

மூன்றாவது, போட்டித் தடை. ‘எங்களை விட்டுப் போனபிறகு ஐந்து வருஷம் யாருக்கும் சாம்பார் பொடி அரைக்கக் கூடாது’ என்ற வரி, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. பிழைப்பையே தடுக்கும் நிபந்தனை அது. ‘எங்கள் ரெசிபியையும் பைகளையும் எங்கள் ஆர்டருக்குத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது’ என்ற வரி வேறு ரகம், நிற்கக்கூடியது. ஒப்பந்தம் நடக்கும் காலத்துக்குள் மட்டும் சில கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. கூடவே, பையைப் பிரித்து லேபில் கொடுத்து ஆராயக் கூடாது என்றும், வேலையை இன்னொரு யூனிட்டுக்குக் கைமாற்றக் கூடாது என்றும் எழுதுங்கள். கடையில் வாங்கிய பாக்கெட்டை ஆராய்வதை நாம் தடுக்க முடியாது. நாம் கொடுத்த பையை ஆராயாமலிருக்க ஒப்புக்கொள்ளச் செய்யலாம்.

நான்காவது, ‘இது எனக்கு ஏற்கெனவே தெரியும்’ என்ற பதில். யூனிட்காரர் வேறு இரண்டு பேருக்குச் சாம்பார் பொடி அரைத்துக்கொண்டிருப்பார், அதில் தப்பில்லை. கையெழுத்து நாளன்று அவர் என்னென்ன பொடி செய்கிறார், எந்த மாதிரி முறையில் என்று அவரே எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளை வாங்கி வையுங்கள். பிறகு திடீரென்று புதுப் பொடி முளைத்தால் அது பழையது என்று சொல்ல முடியாது.

மீறினால் இவ்வளவு லட்சம் என்று ஒரு தொகை போடலாம். ஆனால் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் அந்தத் தொகைக்கு உட்பட்டு நியாயமான நஷ்டஈடுதான் கொடுக்கும். ஒரு கோடி என்று எழுதி மிரட்டுவதில் பலன் கிடையாது. ஒரு வருஷ லாபத்தை ஒட்டிய, கணக்குக் காட்டக்கூடிய தொகை போதும்.

படி 5: ஓட ஆரம்பித்த பிறகு எண்ணிக் கொண்டே இருங்கள்

காலிப் பைகள் ஒவ்வொரு மாதமும் எண்ணித் திரும்பி வர வேண்டும். 15 போனால் 15 வர வேண்டும். ‘ஒண்ணு கிழிஞ்சிடுச்சு, குப்பையில போட்டுட்டோம்’ என்றால் ஒரு தடவை சரி, இரண்டாவது தடவை விசாரியுங்கள். முதல் ஓட்டத்தில் நீங்கள் நேரில் நின்று அரைவைச் சேதாரம் எவ்வளவு என்று இருவரும் சேர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 300-க்கு வர வேண்டிய இடத்தில் அதற்கு மேல் குறைந்தால், சரக்கு எங்கோ போகிறது என்று தெரியும்.

உத்தரவுத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், எண் போட்ட தாளாகக் கொடுத்துத் திரும்ப வாங்குங்கள். இரண்டு யூனிட் வைத்திருந்தால், வேலையைப் பாதிக்காத சின்ன வித்தியாசம் ஒன்றை ஒவ்வொரு தாளிலும் வையுங்கள். பைக் குறியீடு வேறு, இரண்டு வரிகளின் வரிசை வேறு என்கிற மாதிரி. நாளை எங்காவது ஒரு போட்டோ சுற்றினால் எந்த இடத்திலிருந்து போனது என்று அதுவே சொல்லும்.

படி 6: கசிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால்

ருசி ஒத்துப்போவதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். சந்தேகப் பொடியைக் கடையில் பில்லோடு வாங்குங்கள். வேறு வேறு பேட்ச் எண்ணில் இரண்டு மூன்று பாக்கெட் வாங்கி, பிரிக்காமல் வையுங்கள். பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க உரிம எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்கோஸ் தளத்தில் தேடுங்கள். அது உங்கள் யூனிட்டின் எண்ணாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் பாக்கெட்டிலும் அதே எண் இருப்பதால், போட்டியாளர் உங்கள் யூனிட்டைத் தேடிப் போவதற்கும் இதே வழிதான். இரண்டாம் படியில் பையை உங்கள் கையில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

போனில் கத்தாதீர்கள். முதலில் அடுத்த பைகளை அனுப்புவதை நிறுத்துங்கள். காலிப் பைக் கணக்கு, சலான், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அழியாமல் எடுத்து வையுங்கள். போனிலிருந்து எடுத்ததை நீதிமன்றத்தில் காட்ட, 2023-ஆம் ஆண்டு புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதற்கு வக்கீலின் உதவியைக் கேளுங்கள். பிறகு, இருக்கும் பைகளையும் தாள்களையும் திருப்பித் தரச் சொல்லி நோட்டீஸ்.

3 லட்சத்துக்குக் குறையாத வணிக வழக்கு என்றால் வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம், அவசரத் தடை கேட்கும் வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. அவசரம் என்று சொல்ல வேண்டுமென்றால் தெரிந்தவுடனே போக வேண்டும். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு அவசரம் என்றால் நீதிபதி நம்ப மாட்டார். மனுவில் முழு அளவையும் எழுதிவிடாமல், எந்த அம்சம் ரகசியம் என்பதைத் தெளிவாகச் சொல்லி, பதிப்பு எண் போட்ட உறையைச் சீலிட்டு ஒப்படைக்க அனுமதி கேளுங்கள்.

ஏற்கெனவே பல வருஷமாக முழு ரெசிபியையும் கொடுத்தே அரைத்து வாங்குபவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. அந்தப் பழைய பதிப்புக்கு இப்போதாவது ஒரு ஒப்பந்தம் போடலாம். அதற்கு அவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும்: கிலோவுக்கு ஐம்பது பைசா ஏற்றம், அல்லது ஒரு வருஷ ஆர்டர் உத்தரவாதம். அதே நாளில் புதுப் பதிப்பு ஒன்றைக் கொண்டு வாருங்கள். வறுவல் பதத்தையும் சின்னச் சாமான்களின் அளவையும் வாடிக்கையாளருக்குத் தெரியாத அளவில் நகர்த்தி, அவற்றைப் பைக்குள் கொண்டுபோய்விடுங்கள். “இனிமே மிக்ஸை நாங்களே கட்டிக் கொடுத்துடறோம், உங்களுக்கு வேலை மிச்சம்” என்று சொன்னால் பெரும்பாலான யூனிட்காரர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.